650 கிராமில் அடம்பிடித்த காலர்

திருகு பிரஸ்ஸில் திருகின் சுமையைத் தாங்கி உரசிச் சுழலும் வளையமான த்ரஸ்ட் காலர் ஒருவழியாகக் கணக்கோடு ஒத்துப்போனது. மூன்று வாரமாக என்னைச் சுற்றவிட்டது உராய்வு அல்ல, என் லேத்.

காலருக்கு வெளிவிட்டம் 60 மி.மீ., உள்விட்டம் 20. மேலே எஃகு, கீழே வெண்கலம், இரண்டுமே தட்டை முகம். எஃகை கியர் மோட்டார் நிமிடத்துக்கு 20 சுற்று வேகத்தில் சுற்றும். வெண்கலத்தட்டு ஒரு பால் த்ரஸ்ட் பேரிங் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அது சுற்றிவிடாமல் 200 மி.மீ. கை ஒன்று ஸ்பிரிங் தராசை இழுத்துப் பிடிக்கும். சுமை 40 கிலோ. கிளம்பும்போது தராசு ஒரு முறை எகிறும், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது நிலையாக நிற்கும் எண்ணைத்தான் எடுத்தேன். கீழே இருக்கும் பால் பேரிங் ஐந்தாறு கிராம் தின்றுவிடும், அது போகட்டும்.

முகம் முழுக்க அழுத்தம் சமம் என்று வைத்தால் முறுக்குவிசை இது:

```
T = (2/3) * mu * W * (R1^3 - R2^3) / (R1^2 - R2^2)
```

இதில் `mu` உராய்வுக் குணகம், `W` சுமை, `R1` வெளி ஆரம், `R2` உள் ஆரம். `mu`, `W` இரண்டையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஓர் ஆரம்தான். என் காலருக்கு அது 21.67 மி.மீ. சராசரி ஆரம் 20 தான். ஆனால் வெளிப்பக்கத்தில் பரப்பு அதிகம் என்பதால் அங்கேதான் உராய்வும் அதிகம், ஆரமும் கொஞ்சம் வெளியே தள்ளிப்போகிறது.

உராய்வுக் குணகத்தைப் புத்தக அட்டவணையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அதே வெண்கலத்தில் வெளிவிட்டம் 44, உள்விட்டம் 40 என்று ஒல்லியான வளையம் ஒன்றைக் கடைந்தேன். வளையம் அவ்வளவு ஒல்லி என்றால் அழுத்தம் எப்படிப் பரவினாலும் ஆரம் 21-ஐ ஒட்டியே இருக்கும், அனுமானம் எதுவும் தேவையில்லை. அதே எண்ணெயை மெல்லத் துடைத்துவிட்டு ஓட்டினேன். தராசு 505 கிராம் காட்டியது, அதாவது குணகம் 0.12. அப்படியானால் அகலக் காலர் 520 காட்ட வேண்டும். காட்டியது 650!

எண்ணெயை மாற்றினேன், தராசை மாற்றினேன், சுமையை மறுபடி எடைபோட்டேன். 650 அசையவில்லை. நீல மை தடவிப் பார்த்தபோது முகம் முழுக்க நீலம் ஒட்டியது, அதை நம்பி ஒரு வாரம் வீணாக்கினேன். மை தடிப்பாக இருந்தால் பள்ளத்திலும் போய் ஒட்டும். விரலால் தேய்த்துத் தேய்த்து, மை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெலிதாக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது: வெளி விளிம்பில் ஒரு வளையம் மட்டும், 24 மி.மீ. ஆரத்திலிருந்து 30 வரை. உள்ளே சுத்தமாக எதுவுமே இல்லை. சூத்திரத்தில் `R2`-க்கு 10-ஐ எடுத்துவிட்டு 24-ஐப் போட்டேன், ஆரம் 27.1, தராசுக்கு 651 கிராம். சூத்திரம் பொய் சொல்லவில்லை, நான்தான் தவறான காலரைக் கொடுத்திருக்கிறேன்.

முகம் குழிந்திருந்தது. முகத்தைக் குறுக்கே சீவும் ஃபேசிங் வேலையில் துளி குழிவு வரும்படிதான் லேத்தை அமைப்பார்கள். என்னுடையது துளி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது போல. 40 கிலோவைப் பரப்பில் பரப்பினால் சதுர மி.மீ.க்கு 0.16 நியூட்டன்கூட வராது, அதனால் அழுத்தித் தட்டையாக்கிவிடலாம் என்ற நினைப்பும் செல்லாது.

எஃகு முகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் எமரித் தாள் ஒட்டித் தேய்த்தேன். வெண்கலத்தை அப்படிச் செய்யாதீர்கள். எமரித் துகள் அதில் பதிந்துகொண்டு பிறகு எஃகை அறுக்கும். ஸ்கிரேப்பர்தான் வழி: மை, சுரண்டல், துடைப்பு, மறுபடி மை. ஆறு சுற்றில் புள்ளிகள் உள்விளிம்பு வரை வந்தன. தராசு 525. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை!

அப்புறம்தான் வேடிக்கை. மாலையில் கொஞ்ச நேரம் என்று பத்து நாள் ஓடவிட்டேன். எண் மெல்ல இறங்கி 485-க்கு வந்தது. சுழலும்போது வெளிப்பக்கம்தான் அதிக தூரம் தேய்கிறது. அங்கே தேய்ந்ததும் சுமை உள்ளே நகர்கிறது. தேய்மானம் சமம் என்று கணக்கிட்டால் ஆரம் சரியாக 20, தராசுக்கு 480. ஆக, சம அழுத்தம் என்பது புதிதாக, நன்றாகப் பொருந்திய முகத்துக்கான கணக்கு. பிரஸ்ஸுக்குக் கைப்பிடி நீளம் முடிவுசெய்ய நான் அதையே வைத்துக்கொள்கிறேன், எட்டு சதவீதம் கூடுதலாக வந்தால் கை வலிக்காது. ஆனால் தேய்ந்தபின் உள்விளிம்பில் அழுத்தம் சராசரியைப்போல இரண்டு மடங்காகிவிடும், வெண்கலத்தைத் தேர்ந்தெடுக்க அந்த எண்தான் வேண்டும்.

இரண்டு காலர் அடுக்கினால் முறுக்குவிசை பாதியாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது, சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும், அழுத்தம் குறையும், மொத்த முறுக்குவிசை அப்படியேதான். அதைக் குறைக்க ஆரத்தைத்தான் சுருக்க வேண்டும். அடுத்து 40-க்கு 20 காலர் ஒன்று கடையப் போகிறேன், அதற்கு முன் லேத்தின் கிராஸ் ஸ்லைடைச் சரிபார்த்தாக வேண்டும். பிரஸ்ஸின் சட்டம் இன்னும் வெல்டிங்கூட ஆகவில்லை.