அழிக்கலாம்னா யாரு அழிக்கலாம்?

போன மாசம் ஒரு ஷாப்பிங் ஆப்போட பிரைவசி பாலிசியும் யூஸ் பண்றதுக்கான விதிமுறையும் இங்கிலீஷ்ல இருந்து தமிழ்ல எளிமையா எழுதித் தர்ற வேலை வந்துச்சு. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேக்குற அறிவிப்ப இங்கிலீஷ்லயோ அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல இருக்குற 22 மொழில ஒண்ணுலயோ படிக்க வழி பண்ணணும்னு சொல்லுது, இப்ப இந்த மாதிரி வேலை வர்றதுக்கு அதான் காரணம்.

கணக்க மூடுற பகுதில நான் ஜாலியா "90 நாள் கழிச்சு உங்க தகவலை அழிச்சிடுவோம்"னு எழுதிட்டேன். அவங்க வக்கீல் மேடம் போன் பண்ணாங்க. "தம்பி, ஒரிஜினல்ல 'செய்யலாம்'ங்கிற 'மே'ன்னுதான் இருக்கு, 'செஞ்சே ஆகணும்'ங்கிற 'ஷால்' இல்ல. நீங்க கம்பெனி தலைல ஒரு வாக்குறுதிய கட்டி விட்டுட்டீங்க"ன்னாங்க. சரின்னு "90 நாளுக்குப் பிறகு தகவலை அழிக்கலாம்"னு மாத்துனேன். சட்டப்படி கச்சிதம்னு நெனச்சேன்.

எப்பவும் கடைசியா சித்திகிட்ட படிக்கக் குடுத்து, புரிஞ்சுதான்னு கேக்காம, கேள்வி கேப்பேன். "90 நாள் கழிச்சு என்ன ஆகும்?"னு கேட்டா, "எனக்கு வேணும்னா நான் அழிச்சுக்கலாம்னு போட்டிருக்கே"ன்னாங்க! தப்பு அவங்க மேல இல்ல, நம்ம மொழில எழுவாய விட்டுட்டு எழுதுனா 'லாம்' படிக்கிறவங்களுக்குக் குடுத்த அனுமதியாதான் தெரியும். அதனால "90 நாளுக்குப் பிறகு உங்க தகவலை நாங்க அழிக்கக்கூடும், ஆனா அழிச்சே ஆகணும்ங்கிற கட்டாயம் எங்களுக்கு இல்ல"ன்னு எழுதி அனுப்புனேன்.

இத பாத்ததும் மேடமே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், புது சட்டப்படி தேவை முடிஞ்சா அழிச்சுத்தான் ஆகணுமே, வேற சட்டம் வச்சிருக்கச் சொன்னா மட்டும்தான் வச்சிருக்கலாம், இங்கிலீஷ்ல 'மே'ன்னு மழுப்பலா இருந்ததால யாரும் கவனிக்கலன்னு சொல்லி, ஒரிஜினலையே திருத்தி அனுப்புனாங்க. இப்படி நடக்குறது ரொம்ப அபூர்வம், பொதுவா ஒரிஜினல்ல இருக்குறத தொட நமக்கு உரிமை கிடையாது, சந்தேகம் வந்தா கேட்டு மட்டும்தான் வைக்கலாம்.

விதிமுறைல, நஷ்டத்த ஈடு கட்டுறதுங்கிற 'இன்டெம்னிஃபை'லயும் இதே கதைதான். "நஷ்டஈடு வழங்கப்படும்"னு போட்டிருந்தேன், சித்தி கம்பெனிதான் தனக்குக் காசு தரும்னு சந்தோஷப்பட்டுட்டாங்க. உண்மைல தலைகீழ். "நீங்க இந்த விதிய மீறுனதால வேற யாராவது எங்க மேல கேஸ் போட்டு எங்களுக்கு நஷ்டம் வந்தா, அந்தச் செலவ நீங்க எங்களுக்குத் தரணும்"னு மாத்துனேன். ஒரு வார்த்தை ரெண்டு வரியாச்சு, டிசைன் பண்றவர் இடம் பத்தலன்னு திட்டுனார்.

சித்தி படிச்சுட்டு, "இது தெரிஞ்சா எவன் ஒத்துக்குவான்?"னாங்க.