மணலும் பதரும் உதட்டில் ஒன்றுதான்: பி.எட். செய்முறைத் தேர்வுக்கு ஒரு பாடத்தைத் தயாரித்த கணக்கு

செய்முறைத் தேர்வு மதிப்பெண் வந்தாயிற்று, மூச்சு விட்டாயிற்று. அடுத்த அணி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகப் போகிறது. செவித்திறன் குறைந்த மாணவர் இருக்கும் வகுப்புக்குப் பாடத்தை எப்படி மாற்றி எழுதுவது என்பதுதான் எல்லாருக்கும் உதறல். பாடத்திட்டப் படிவம், நோக்கங்கள், கருவிகள் பட்டியல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். உதடு பார்த்தும் எழுத்து பார்த்தும் படிக்கிற பிள்ளைக்கான மாற்றம் மட்டும் இங்கே. சைகை மொழியில் படிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தாது.

எடுத்துக்கொள்ளும் பாடம் ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரித்தல். ராகியைத் தூற்றுவது, சலிப்பது, மணல் கலந்த நீரைத் தெளியவைத்து வடிப்பது, வடிகட்டுவது, காந்தத்தால் இரும்புத்தூளை எடுப்பது. செய்து காட்டச் சுலபம் என்று எல்லாரும் இதைத்தான் எடுப்பார்கள். உதடு பார்க்கிற பிள்ளைக்கு இதைப்போலக் கடினமான பாடம் குறைவு. பீக்கரைப் பார்த்தால் உங்கள் வாயைப் பார்க்க முடியாது, வாயைப் பார்த்தால் பீக்கரைப் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சொற்கள்.

தமிழ் இலக்கணத்தில் இன எழுத்து படித்திருப்பீர்கள்: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் வாயில் ஒரே இடத்தில் பிறக்கின்றன. வேறுபாடு மூக்கில் இருக்கிறது, மூக்கு வழியே காற்று போவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ப-வும் ம-வும் பார்ப்பவருக்கு ஒரே எழுத்து. த, ந, ட, ண, ர, ற, ல, ள, ழ எல்லாம் பல்லுக்குப் பின்னால் நாக்கு செய்கிற வேலை. உதடு லேசாகத் திறந்திருப்பது மட்டும்தான் வெளியே தெரியும். படம், மடம், பணம், மணம் என்ற நான்கையும் குரல் இல்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். நான்குக்கும் ஒரே முகம்.

இந்தப் பாடத்தில் அப்படி மாட்டிக்கொள்வது மணலும் பதரும். ஒன்று நீரில் படிவது, ஒன்று காற்றில் பறப்பது. உதட்டில் இரண்டும் ஒன்று. "பதர் பறந்துபோகும்" என்று நீங்கள் சொல்ல, "மணல் பறந்துபோகும்" என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதிலும் குற்றம் சொல்ல முடியாது, வைகாசிக் காற்றில் மணலும் பறக்கத்தான் செய்கிறது. அடுத்த ஜோடி படிதல், வடித்தல். ப-வுக்கு உதடு மூடும், வ-வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும். நிதானமாகச் சொன்னால் வித்தியாசம் தெரியும், வேகத்தில் தெரியாது. மூன்றாவது எண்கள். ஏழும் எட்டும் உதட்டில் மிக நெருக்கம். "எட்டாம் பக்கம் எடுங்க" என்று வாயால் மட்டும் சொன்னால் பிள்ளை ஏழில் நிற்கும், பாடம் தொடங்கும்போதே பின்தங்கிவிடும். பக்க எண்ணைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

ஆக, பாடத்திட்டம் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது கண்ணாடிச் சோதனை. பாடத்தின் முக்கியச் சொற்களைப் பத்துப் பன்னிரண்டாகச் சுருக்கி, குரல் இல்லாமல் சொல்லி, ஒன்றுபோலத் தெரியும் ஜோடிகளை வட்டமிடுங்கள். வட்டமிட்ட சொல்லைத் தனியாக வாயால் சொல்லக் கூடாது. ஒன்று சொல்லட்டையோடு சொல்லுங்கள், இல்லை பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். மதிப்பெண் போனால் போகட்டும், மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன்.

சொல்லட்டைக்கு ஒரு சார்ட்டை நீளவாக்கில் எட்டுத் துண்டாக வெட்டினால் போதும். எழுத்து இரண்டு அங்குல உயரம், கறுப்பு அல்லது கருநீலம், ஒரு அட்டைக்கு ஒரு சொல். சிவப்பும் பச்சையும் பின்வரிசைக்கு மங்கும். அட்டையில் "வடிகட்டுதல்" என்று இருந்தால் அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கள். அட்டை ஒன்று காட்ட, வாய் "வடிகட்டறோம்ல" என்று போனால் இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சுற்றியுள்ள பேச்சு வழக்கம்போல இருக்கட்டும், அட்டைச் சொல் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பயிற்சி கிடைத்தவர்கள் வீட்டு மொழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையின் கண் அந்த மொழியின் உதட்டசைவுக்குத்தான் பழகியிருக்கும். உதடு பார்ப்பது பாதி ஊகம், முன்பே தெரிந்த சொல்லைத்தான் ஊகிக்க முடியும். கேழ்வரகு என்று புத்தகச் சொல்லைச் சொல்வதைவிட ராகி என்றால் மூன்று மொழிக்கும் பொது. புதிய சொற்களை முந்தின நாளே அரைப்பக்கத் தாளில், பக்கத்தில் சிறு படத்தோடு கொடுத்துவிடுங்கள். எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இனி செய்துகாட்டல். விதி ஒன்றுதான்: பேசும்போது கை நிற்க வேண்டும், கை ஓடும்போது வாய் மூடியிருக்க வேண்டும். மணல் நீரை எடுத்துக்கொண்டால்:

1. வகுப்பைப் பார்த்து நின்று, "இப்ப இதுல மணலைப் போடப் போறேன். என்ன ஆகும்னு பாருங்க" என்று சொல்லி, "மணல்" அட்டையை மாட்டுங்கள்.
2. பிள்ளையின் கண் பீக்கருக்கு வரும்வரை பொறுங்கள். இரண்டு விநாடி போதும்.
3. வாய் திறக்காமல் 200 மி.லி. நீரில் இரண்டு கரண்டி மணலைக் கொட்டிக் கலக்குங்கள்.
4. கையை எடுங்கள். பிள்ளை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்.
5. "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

ஆற்று மணலைக் கழுவி எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் படிந்துவிடும். பள்ளி மைதானத்துச் செம்மண்ணை அள்ளிப் போட்டால் பாடவேளை முடியும்வரை கலங்கலாகவே நிற்கும், படிதல் என்ற அட்டைக்கு எதிரே படியாத நீர் இருக்கும். கேட்கிற பிள்ளைக்கு வாயால் சமாளித்துவிடலாம், பார்த்துப் படிக்கிற பிள்ளைக்குப் பார்த்ததுதான் பாடம். வடிதாளில் 50 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். அது சொட்டும் நேரத்தில் பேசாமல் எல்லாரையும் புத்தகத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொல்லுங்கள். உதடு பார்ப்பது கண்ணைக் களைக்க வைக்கும் வேலை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஓய்வு வேண்டும்.

இப்படிச் செய்தால் நேரம் இழுக்கும். நாற்பது நிமிடத்தில் ஐந்து முறைகளும் அடங்காது. மூன்றைச் செய்து காட்டி, சலித்தலையும் காந்தத்தையும் படத்தோடு வீட்டுப்பாடமாக விடுங்கள். எது மூன்று என்று கேட்டால், குழம்பும் ஜோடிகள் இருக்கிற மூன்றும்: தூற்றுதல், தெளியவைத்து வடித்தல், வடிகட்டுதல். பின்னால் உட்கார்ந்து கவனிப்பவருக்கு உங்கள் மௌனம் தடுமாற்றமாகத் தோன்றலாம். அதனால் பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒவ்வொரு இடத்திலும் "பேச்சு நிறுத்தம் – மாணவர் பார்க்க" என்று எழுதிவையுங்கள். எழுதாத நிறுத்தத்துக்கு மதிப்பெண் போகும்.

பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதும் இதே தப்புதான், பாதிப் பேர் செய்வார்கள். முதுகுக்கு உதடு கிடையாது.

மற்றவை சுருக்கமாக:

- பிள்ளையை முதல் வரிசையில் நட்ட நடுவில் உட்காரவைக்காதீர்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பின்னால் யார் பேசுகிறார்கள் என்றும் தெரியாது. இரண்டாம் வரிசை, ஓரம், உங்களிடமிருந்து ஐந்தாறு அடி. ஒரு காது நன்றாக இருந்தால் அந்தக் காது வகுப்பின் பக்கம்.
- ஜன்னலுக்கு முன் நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும்.
- கத்தாதீர்கள், வாயை அகட்டி இழுக்காதீர்கள், இரண்டும் உதட்டின் வடிவத்தைக் கெடுக்கும். மீசை மேலுதட்டை மறைத்தால் கத்தரித்துக்கொள்ளுங்கள்.
- வேறு மாணவர் பதில் சொன்னால் கையால் அவரைக் காட்டுங்கள், பதிலை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.
- ஒருமுறை புரியாவிட்டால் அதே வாக்கியத்தை இன்னொரு முறை. அதற்கும் மேல் வேண்டுமானால் சொல்லை மாற்றுங்கள்.
- காதொலிக் கருவி இருந்தால் காலையிலேயே பாருங்கள். இயக்கியபடி உள்ளங்கையில் பொத்தினால் பெரும்பாலும் கீச்சென்று சத்தம் வரும். வராவிட்டால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

மதிப்பீட்டில் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். தலை ஆடும், அவ்வளவுதான். மூன்று பொருளையும் மூன்று அட்டையையும் மேசையில் வைத்து, "எது எதோட சேரும், வச்சுக் காட்டு" என்று கேளுங்கள்.

பதில் தப்பாக வந்தால் அது கண்ணின் தப்பா, கருத்தின் தப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு பிள்ளை "நீரில் அடியில் படிவது பதர்" என்று எழுதுகிறது என்று வையுங்கள். உடனே பாடத்தைத் திரும்ப நடத்தப் போகாதீர்கள். வாய் திறக்காமல் "பதர்" அட்டையைக் காட்டிப் பொருளை எடுக்கச் சொல்லுங்கள். முறத்து உமியை எடுத்துக் கொடுத்தால் சொல் தெரிகிறது. அந்த உமியையே பீக்கரில் போடச் சொல்லுங்கள், மிதக்கும். பிள்ளை தானே அடித்துத் திருத்தினால் வாயால் கேட்டதில்தான் பிழை, அந்த ஜோடிக்கு இனி எப்போதும் அட்டை வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணலை எடுத்துக் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கே தப்பான பொருள் பதிந்திருக்கிறது. முந்தின நாள் தாளுக்குப் போய் அந்தப் படத்திலிருந்து தொடங்குங்கள். அட்டையை வாசிக்கவே திணறினால் எழுத்துக் குறிப்பு முறையே அந்தப் பிள்ளைக்கு உதவாது, படமும் பொருளும்தான். இதை முதல் வாரத்திலேயே வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாய்மொழித் தேர்வுக்குச் சட்ட வரையறையைக் கையில் வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதோர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தோர். அடுத்த கேள்வி, "அப்படின்னா 65 டெசிபல் பிள்ளைக்கு இந்தப் பாடத்துல என்ன மாத்துவீங்க?" என்று வரும். டெசிபலை வைத்துப் பதில் சொல்லப் போகாதீர்கள். அதே அளவு இழப்புள்ள இரண்டு பேரில் ஒருவர் உதட்டை நன்றாகப் பிடிப்பார், இன்னொருவருக்கு எழுத்துதான் கைகொடுக்கும். பையிலிருந்து மணல், பதர் அட்டைகளை எடுத்து, குரல் இல்லாமல் இரண்டையும் சொல்லி, எது எது என்று தேர்வாளரையே கேளுங்கள்.