கட்டணம் எவ்வளவு என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. "பிள்ளை, பதிவுக் கட்டணத்தை விளக்கியிருக்கு எண்டு புத்தகத்திலை போட்டிருக்கிறியள். எவ்வளவு எண்டு எந்தப் பக்கத்திலை கிடக்கு?"

கையேட்டைத் திறந்து பார்த்தேன். 38ஆம் பக்கம். "வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பதிவுக் கட்டணம் முழுமையாக விளக்கப்பட்டுள்ளது." நான் எழுத நினைத்தது "விலக்கப்பட்டுள்ளது". ஒரு ல இருக்க வேண்டிய இடத்தில் ள. அந்த அம்மா கட்ட வேண்டிய காசு எதுவுமே இல்லை. அதைச் சொல்லத்தான் அந்த வசனத்தையே எழுதியிருந்தேன். 600 பிரதிகள் ஏற்கெனவே வடக்குக்கும் கிழக்குக்கும் போய்விட்டிருந்தன.

கொழும்பில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் தமிழ் வெளியீடுகளை நான்தான் எழுதுகிறேன், நான்தான் பிழையும் பார்க்கிறேன். சிங்களப் பிரதிக்கு ஒருவர், ஆங்கிலப் பிரதிக்கு ஒருவர், தமிழுக்கு நான். மாற்றிப் பார்க்க வேறு கண் கிடையாது. அந்தக் கையேட்டை மனதுக்குள் மூன்று முறையும் வாய்விட்டு ஒரு முறையும் வாசித்திருந்தேன். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளுக்கு "விளக்கப்பட்டுள்ளது" சரியான சொல், அதனால் அது சிவப்புக் கோடு போடவில்லை. எனக்குப் புரியாதது வாய்விட்டு வாசித்தும் எப்படித் தப்பியது என்பதுதான்.

பத்திரிகையொன்றில் நெடுங்காலம் ஒப்புநோக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். அவரிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "வாசிக்கேக்கை இந்த இடத்திலை உம்மடை வாய் என்ன சொன்னது?" யோசித்துப் பார்த்தால், வாய் "விலக்கப்பட்டுள்ளது" என்றுதான் சொல்லியிருக்கும். அதற்கு முந்திய இரண்டு வசனங்களும் ஏழைக் குடும்பங்கள் படும் சிரமத்தைப் பற்றியவை. அவை என்னை அந்தச் சொல்லுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டன, கண் தாளைப் பார்ப்பதற்கு முன்பே. "எழுதினவருக்கு அடுத்த சொல் தெரியும் பிள்ளை. அதுதான் கரைச்சல்," என்றார். முதல் வாசிப்பை முன்னிருந்தும் கடைசி வாசிப்பைப் பின்னிருந்தும் செய்யச் சொன்னார்.

அடுத்த வருடம் 112 பக்க அறிக்கை. இந்த முறை அவர் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன்.

முதலில் வாய்விட்டு வாசித்தல். கணினித் திரையில் அல்ல, அச்செடுத்த தாளில். காலி வீதிப் பக்கத்து மேசையில் பஸ் ஹோர்னுக்கு நடுவே என் குரல் எனக்கே கேட்காது என்பதால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு கூட்ட அறையில் இருந்து வாசித்தேன். பேனா முனையைச் சொல்லுக்குச் சொல் நகர்த்தி, முனை தொட்ட பிறகே சொல்லை உச்சரிக்க வேண்டும். முணுமுணுப்பது போதாது. இரண்டு பக்கத்துக்குள் அது மௌன வாசிப்பாக மாறிவிடுகிறது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரேயடியாக வாசித்தாலும் குரல் தானாக ஓட ஆரம்பிக்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும்.

காது எதைப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு வசனம்: "மாவட்ட மட்டத்தில் தெரிவுசெய்யப்பட்ட 14 பெண்கள் அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு கணக்குப் பதிவு, சேமிப்பு, கடன் மீளளிப்பு ஆகியன பற்றிய பயிற்சிகள் இரண்டு கட்டங்களாக வழங்கப்பட்டது." பாதியில் மூச்சு முட்டியது. இரண்டாக உடைக்க வேண்டிய வசனம் என்று அதிலேயே தெரிந்தது. முடிவுக்கு வந்ததும் "பயிற்சிகள் வழங்கப்பட்டது" என்று காதில் இடறியது. "வழங்கப்பட்டன" என்று வர வேண்டும். எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் நடுவே ஓரிரு சொற்கள் புகுந்துவிட்டால் கண் இந்த ஒருமை பன்மைப் பிழையைத் தாண்டிப் போய்விடும். காது தாண்டாது. இரண்டு முறை விழுந்த "என்று", வெட்டி ஒட்டியதில் விடுபட்ட வேற்றுமை உருபு எல்லாம் இந்தச் சுற்றில்தான் அகப்பட்டன.

ஆனால் அதே வசனத்தில் இன்னொரு பிழையும் இருந்தது, அதை நான் கேட்கவேயில்லை. "உறுப்பினர்களுக்குக் கணக்கு" என்று க் மிகுந்து வர வேண்டும். தாளில் அந்த ஒற்று இல்லை, என் நாக்கு அதைத் தானாகப் போட்டு வாசித்துவிட்டது. தமிழ் வாசித்துப் பழகிய வாய் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே போகிறது. ர, ற குழப்பமும் அப்படித்தான். "பொறுப்பு" என்பதை யாராவது "பொருப்பு" என்று தட்டியிருந்தாலும் என் வாயில் ஒரே மாதிரித்தான் வரும்.

இந்த இடத்தில்தான் பின்னிருந்து வாசிப்பது வேலை செய்கிறது. சொல் சொல்லாகப் பின்னோக்கிப் போக வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். ஐயா அதைத் தலைப்புகள், படக்குறிப்புகள், ஊர்ப் பெயர்ப் பட்டியல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே வசனமே கிடையாது, எழுத்து மட்டும் சரியாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் வசனம் வசனமாக. கடைசிப் பக்கத்தின் கடைசி முற்றுப்புள்ளியிலிருந்து அதற்கு முந்திய முற்றுப்புள்ளி வரை மேலே போய், அந்த ஒரு வசனத்தை மட்டும் நேராக வாசிப்பது. மேலே உள்ளதை ஒரு வெற்றுத் தாளால் மறைத்துக்கொள்வது. வாசித்து முடித்த முற்றுப்புள்ளியில் பென்சிலால் ஒரு புள்ளடி. பிறகு அதற்கு மேல் உள்ள வசனம்.

விலக்குக்கும் விளக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல் சொல்லாகப் போனால் பிடிக்க முடியாது, இரண்டுமே நல்ல சொற்கள்தானே. வசனம் தனியாக நின்றால்தான் "யார் விளக்கினார்கள், எங்கே விளக்கினார்கள்?" என்ற கேள்வி எழும். சரிபார்ப்பதற்காகப் பழைய கையேட்டின் 38ஆம் பக்கத்தையும் இப்படிக் கீழிருந்து வாசித்துப் பார்த்தேன். அந்த வசனத்தில் நின்றுவிட்டேன், முந்திய வசனங்கள் இன்னும் தாளுக்கு அடியில் இருந்தன.

112 பக்கத்துக்கு நான்கு மாலைகள் பிடித்தன. விடுபட்ட ஒற்றுகள் நிறைய வந்தன. "கறை படிந்த" என்பது "கரை படிந்த" என்று ஒரு இடத்தில் இருந்தது. நான் தேடாத ஒன்றும் வந்தது. "இதனால் இவர்கள் பின்வாங்கினர்" என்று தொடங்கும் வசனம் தனியாக நின்றபோது, இவர்கள் யார் என்று எனக்கே தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால் பயனாளிகள், உத்தியோகத்தர்கள் என்று இரண்டு கூட்டம் இருந்தது.

வரிசையை மாற்றக் கூடாது. வாய்விட்டு வாசிக்கும்போது வசனங்களை உடைக்கிறோம், இடம் மாற்றுகிறோம். அந்தத் திருத்தங்களிலேயே புதுப்பிழைகள் பிறக்கின்றன. அதனால் பின்னிருந்து வாசிப்பது கடைசியில்.

இரண்டு சுற்றிலும் தப்பிய ஒரு வகையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டி ஒருங்குறிக்கு மாற்றிய பகுதிகளில் ர் வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்: அவர்கள் என்பது `அவா்கள்` என்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. தேடல் பெட்டியில் `ா்` என்று போட்டுத் தேடினேன், 61 இடங்களில் இருந்தது.

அந்தப் பழைய கையேட்டின் எஞ்சிய பிரதிகளில் 38ஆம் பக்கத்தில் ஒரு சிறிய திருத்தத் துண்டு ஒட்டியிருக்கிறோம். முல்லைத்தீவு அம்மாவுக்கு அன்றைக்கே திரும்ப அழைத்துக் காசு எதுவும் கட்டத் தேவையில்லை என்று சொன்னேன். "அப்ப சரி பிள்ளை, நான் கடன் கேட்டு வைச்சிட்டன், திருப்பிக் குடுக்கிறன்," என்றார்.