மழைக்கால அலமாரி: சில நாட்களின் குறிப்பு

நவம்பர் 9
மூன்று வாரமாகத் திறக்காத மர அலமாரியைத் திறந்தேன். குப்பென்று ஈரவாடை. வெள்ளைச் சட்டையின் காலரில் மிளகைத் தூவியது போலச் சாம்பல் புள்ளிகள். மூலையில் போட்டிருந்த அந்துருண்டைகள் அப்படியே கிடக்கின்றன. அவை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது, நாற்றத்தோடு இன்னொரு நாற்றத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

நவம்பர் 10
பருத்தித் துணிகளை மட்டும் எடுத்தேன். அரை வாளி வெந்நீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கமாகத் துவைத்தேன். வினிகரோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். பட்டுத் துணிகளை நனைக்கவில்லை, நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்தேன்.

நவம்பர் 12
வெயில் இல்லை, அதனால் இரண்டு நாள் கொடியிலேயே. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. காலர் மடிப்பையும் பாக்கெட்டின் அடியையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்: சில்லென்றது. அப்படியென்றால் இன்னும் ஈரம். இஸ்திரி போட்டு, சூடு ஆறும்வரை வெளியே தொங்கவிட்டு, பிறகுதான் மடித்தேன்.

நவம்பர் 15
மறுபடி அதே வாடை! வாசனையே இல்லாமல் உள்ளே போன சட்டைகள். தப்பு துணியில் இல்லையோ?

நவம்பர் 16
அலமாரியைக் காலி செய்து, ஒரு சுத்தமான துண்டை உள்ளே வைத்தும் இன்னொன்றை நாற்காலியில் போட்டும் இரவைக் கழித்தேன். காலையில் முதலில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன் (மூக்கு பழகிவிட்டால் எதுவும் தெரியாது). உள்ளே இருந்த துண்டு நாறியது, நாற்காலியில் இருந்தது இல்லை.

அலமாரியை இழுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. முதுகுப் பலகை வெளிச்சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது. முன்பக்கம் பளபளவென்று பாலிஷ், முதுகில் ஒன்றுமே இல்லை. சுவரின் ஈரத்தை அந்த வெறும் பலகை குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்புறம் பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்திருந்தது.

காய்ந்த துணியால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகமூடி போட்டு, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். தட்டுகளின் அடிப்பக்கத்தையும் விடவில்லை. எல்லோரும் மறப்பது அதைத்தான்.

நவம்பர் 19
மூன்று நாள் கதவைத் திறந்து மின்விசிறி ஓடியது. வினிகர் வாடை போய்விட்டது. பழையபடி சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டேன். துண்டுச் சோதனை மறுபடி: சுத்தம்.

நவம்பர் 23
துணிகளை அடுக்கினேன், ஆனால் இந்த முறை கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு. அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றைப் பத்தொன்பதாம் தேதியே வைத்திருந்தேன். நான்கு நாளில் அரை டம்ளர் நீர் சேர்ந்துவிட்டது. அது உப்புநீர், துணியில் கொட்டினால் கறை. சுவர் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது. மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.