வராமல் போன மூன்று சிவப்பு

கரிசல் பூமியில் இருக்கும் ஒரு சின்ன விமான நிலையத்தில், ரன்வே விளக்குகளைப் பராமரிக்கும் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஒரு ராத்திரி, கடைசி விமானம் இறங்கிய பத்தாவது நிமிடம் டவரிலிருந்து போன் வந்தது.

"உங்க பாப்பியில மூணு சிவப்பே வரலையாம். நாலு சிவப்பு தெரிஞ்சுது, அடுத்து நேரா ரெண்டு சிவப்பு ரெண்டு வெள்ளைன்னு கேப்டன் சொல்றார்."

என்னோடு இருந்த சீனியரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டு, "மொத்தத்தையும் அணைச்சுருப்பா" என்றார். ஏன் மொத்தத்தையும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பாப்பி என்பது ரன்வேயின் இடது பக்கம், அதன் தொடக்கத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே, வரிசையாக நிற்கும் நான்கு விளக்குப் பெட்டிகள். 1970களில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. ஒவ்வொரு பெட்டியும் மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி சிவப்பு என ஒரே கற்றையை வீசுகிறது. உங்கள் கண் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் வெள்ளை தெரியும், கீழே இருந்தால் சிவப்பு. முதல் முறை பெட்டியைத் திறந்து பார்த்தபோது சிவப்புக் கண்ணாடி மேல் பாதியில் இருந்ததைக் கண்டு, யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். முன்னால் இருக்கும் லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கி அனுப்புகிறது. அதனால்தான் மேலே இருக்கும் சிவப்பு வெளியே கீழே விழுகிறது.

நான்கு பெட்டிகளும் ஒரே கோணத்தில் நிமிர்ந்திருப்பதில்லை. இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. விமானம் 3 டிகிரி சரிவில் இறங்க வேண்டும் என்றால், ரன்வேயை ஒட்டிய பெட்டி 3 டிகிரி 30 நிமிடம், அடுத்தது 3 டிகிரி 10 நிமிடம், அதற்கடுத்தது 2 டிகிரி 50 நிமிடம், கடைசியில் இருப்பது 2 டிகிரி 30 நிமிடம். சரியான சரிவில் வருபவரின் கண் நடு இரண்டு பெட்டிகளின் கோடுகளுக்கு இடையில் இருக்கும். அவருக்கு ரன்வே பக்கத்து இரண்டும் சிவப்பு, வெளிப்பக்கத்து இரண்டும் வெள்ளை. கொஞ்சம் தாழ்ந்தால் மூன்று சிவப்பு, இன்னும் தாழ்ந்தால் நான்கும் சிவப்பு. உயரமாக வந்தால் இதேபோல் வெள்ளை கூடும். இதற்கு முன் இருந்த வாசி என்ற அமைப்பு உயரம், சரி, தாழ்வு என்று மூன்றே சேதிகள் சொன்னது. பாப்பி ஐந்து சொல்கிறது. அந்த மூன்று சிவப்பு "கொஞ்சம்தான் தாழ்ந்திருக்கிறாய், இப்போதே திருத்திக்கொள்" என்ற சேதி.

அது எப்படிக் காணாமல் போகும்? விடை அன்று ராத்திரியே கிடைத்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து 15 மீட்டர் முன்னால் போய் நிற்கச் சொன்னார் அண்ணாச்சி. விளக்குகளைக் கொஞ்ச நேரம் மறுபடி எரியவிட்டு, அந்த ஒரு பெட்டியைத் தவிர மற்ற மூன்றையும் கோணித் துணியால் மூடினோம். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் சிவப்பு. மெல்ல எழுந்தால் ஓர் இடத்தில் சட்டென்று வெள்ளை. நிறம் மாறும் உயரத்தைக் குச்சியில் குறித்தோம். 2 டிகிரி 50 நிமிடத்துக்கு அந்தக் கோடு லென்ஸுக்கு மேலே 74 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். குச்சியில் குறி விழுந்தது 65, 66க்கு நடுவே. இது தோராயமான சோதனைதான். காலையில் சாய்கோணத்தை அளக்கும் கிளினோமீட்டரை வைத்துப் பார்த்தபோது அது உறுதியானது. பெட்டி காட்டியது 2 டிகிரி 30 நிமிடம், அதாவது நான்காவது பெட்டியின் அதே கோணம்.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறினால், நான்கு சிவப்பிலிருந்து நேராக இரண்டு சிவப்புக்குத்தான் தாவும். கேப்டன் அதைக் கவனித்ததற்கும் காரணம் உண்டு. அவர் சுமார் 1500 அடியில் மட்டமாகப் பறந்து, சரிவைக் கீழிருந்து எட்டிப் பிடித்திருக்கிறார். அந்த உயரத்தில் விளக்குகளிலிருந்து பத்தரை கிலோமீட்டரில் முதல் வெள்ளை தெரிய வேண்டும், இரண்டாவது வெள்ளை ஒன்பதேகால் கிலோமீட்டரில். 120 நாட் வேகத்தில் அந்த இடைவெளியைக் கடக்க 20 வினாடி ஆகும். அந்த 20 வினாடி மூன்று சிவப்பு அவருக்கு வரவில்லை. எங்கள் ரன்வேக்கு அடிக்கடி வந்துபோகிறவர் என்பதால் அது அவர் கண்ணில் பட்டது. இன்றும் அவருக்கு நான் கடன்பட்டதாகவே நினைக்கிறேன்.

அண்ணாச்சி மொத்தத்தையும் அணைக்கச் சொன்னதன் அர்த்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கியது. 2 டிகிரி 40 நிமிடத்தில் தாழ்ந்து வருகிற ஒருவருக்கு மூன்று சிவப்பு தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டிகளோ அவருக்கு இரண்டும் இரண்டும் காட்டி, "சரியாக வருகிறாய்" என்று சொல்லியிருக்கும். விளக்குகளிலிருந்து ஒரு கிலோமீட்டரில், "சரி" என்ற சேதியின் அடிமட்டம் தரையிலிருந்து 49 மீட்டருக்குப் பதில் 44 மீட்டருக்கு இறங்கிவிட்டது. விளக்கு எரியாவிட்டால் பைலட் வேறு வழியில் உயரத்தைப் பார்த்துக்கொள்வார். பொய் சொல்லும் விளக்கை அவர் நம்பிவிடுவார். பைலட்டுகளை எச்சரிக்கும் அறிவிப்பான நோட்டாமைப் போட டவர் அன்றே ஏற்பாடு செய்தது.

காரணம் மண். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், மழை பெய்ததும் உப்பும், காய்ந்தால் மறுபடி சுருங்கும். பெட்டி நிற்கும் கான்கிரீட் மேடையின் முன்பக்கம் அப்படி அமிழ்ந்திருந்தது. 20 நிமிடக் கோணம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 மில்லிமீட்டர் சரிவு. ஒரு பென்சிலின் தடிமன் கூட வராது. நின்று பார்த்தால் பெட்டி நேராகத்தான் தெரிந்தது. இப்போது வரும் பெட்டிகளில் சாய்வு சுவிட்ச் இருக்கிறது; கால் டிகிரியிலிருந்து அரை டிகிரிக்குள் கீழே சாய்ந்தால் அதுவே விளக்கை அணைத்துவிடும். எங்களுடைய பழைய பெட்டிகளில் அது இல்லை.

கால் நட்டுகளைத் திருகி அன்றே கோணத்தைச் சரிசெய்திருக்கலாம். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அடியில மண்ணு நகருது தம்பி, நட்டைத் திருகி என்ன செய்ய?" என்றார். கரிசலைத் தோண்டி எடுத்து, சரளை நிரப்பி, மேடையைப் புதிதாகப் போட்டு, கான்கிரீட் இறுகும்வரை காத்திருந்தோம். பிறகு நான்கு பெட்டிகளையும் மறுபடி அளந்தோம். ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதாது, ஒன்றுக்கொன்று உள்ள 20 நிமிட இடைவெளிதான் முக்கியம்.

அப்புறம் மழைக்கு முன்பும் பின்பும் கிளினோமீட்டர் எடுத்துப் போவது வழக்கமாயிற்று. மார்கழி விடியலில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். லென்ஸில் பனி படிந்தால் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஒரு வெளிர் ரோஜா நிறம் வரும், அதில் எல்லைக்கோடே தெரியாது. அதனால் விமானம் வருவதற்கு அரைமணி முன்பே மங்கலாக எரியவிட்டு, அந்தச் சூட்டில் லென்ஸைக் காயவைப்போம்.

மேடை தயாராகி விளக்குகளைத் திரும்ப ஏற்றிய ராத்திரி, டவரில் போய் உட்கார்ந்திருந்தேன். விமானம் மட்டமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் வேண்டுகோளின்படி கேப்டன் ரேடியோவில் ஒவ்வொன்றாகச் சொன்னார்: நான்கு சிவப்பு. கொஞ்ச நேர அமைதி. மூன்று சிவப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வினாடி இருக்கும், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றார்.