குசினிக் கூரை வேலைக்கு ஒரு பட்டை அட்டவணை

உப்புவெளியில் எங்கள் வீட்டுக் குசினிக் கூரையை மாற்ற வேண்டும். கச்சான் காற்று ஓய்ந்து வடகீழ் மழை பிடிக்க முன் முடித்தாக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எந்த வேலை எப்போது என்று ஒரே பார்வையில் தெரிய, மச்சானின் மடிக்கணினியில் எக்செல் திறந்து ஒரு பட்டை வரைபடம் போட்டுப் பார்த்தேன்.

யோசனை எளியது. A நிரலில் வேலை, B-இல் தொடங்கும் தேதி, C-இல் எத்தனை நாள். Stacked Bar வரைந்தால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு துண்டு வரும். தேதித் துண்டுக்கு No fill கொடுத்து மறைத்துவிட்டால், நாள் துண்டு மட்டும் தன் இடத்தில் மிதப்பது போல நிற்கும்.

என் வேலைகள் 2025 செப்டம்பருக்கு: பழைய கூரை கழற்ற 1ஆம் தேதியிலிருந்து 2 நாள், சுவர் உயர்த்த 3ஆம் தேதியிலிருந்து 4 நாள், பீம் கொங்கிறீற் 8ஆம் தேதி 2 நாள், அதற்குத் தண்ணீர் ஊற்றி வைக்க 10ஆம் தேதியிலிருந்து 7 நாள், கூரை மரம் 17ஆம் தேதி 4 நாள், ஓடு 22ஆம் தேதி 3 நாள்.

முதல் படம் வந்தபோது பட்டையே தெரியவில்லை. எக்செல் 1900இலிருந்து நாள்களை எண்ணி வைக்கிறது, அச்சு 0இல் தொடங்குகிறது, ஆகவே என் ஒரு மாதம் வலது ஓரத்தில் ஒரு கீறாகக் கிடந்தது. அச்சின் Minimum 45901 (செப்டம்பர் 1), Maximum 45929 (செப்டம்பர் 29), Major 7 என்று கொடுத்தேன். இரண்டு முனையும் திங்கள் என்பதால் ஒவ்வொரு கோடும் ஒரு வாரத் தொடக்கம். வேலைகள் கீழிருந்து மேலாக நின்றதை Categories in reverse order சரிசெய்தது.

ஆனால் இப்போது படம் முழு வெறுமை. அரைமணி நேரம் நிறத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணம் தேதியில் இருந்தது. நான் 01/09/2025 என்று அடித்தேன். மச்சானின் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்ததால் அதை ஜனவரி 9 என்று வாங்கிக்கொண்டது. 10/09 அக்டோபர் 9 ஆகிவிட்டது. 17ஆம், 22ஆம் மாதம் கிடையாது அல்லவா, அதனால் அந்த இரண்டும் வெறும் எழுத்தாக நின்றுவிட்டன, வரைபடம் அவற்றை 0 என்று எடுத்தது. எழுத்தானது கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், `=ISNUMBER(B6)` போட்டால் FALSE வரும். மாறிப்போன தேதியைத்தான் பிடிக்கக் கஷ்டம்: அதற்கு TRUE வரும். `d mmm yyyy` வடிவம் கொடுத்து மாதத்தைப் பெயராகப் பார்த்தால்தான் திருடன் அகப்படுவான். எல்லாவற்றையும் 2025-09-01 என்ற முறையில் திரும்ப அடித்தேன். ஆறு பட்டையும் படிக்கட்டு மாதிரி வந்து நின்றன.

சரி, மேசன் ஒரு நாள் பிந்தினால்? ஒவ்வொரு தேதியையும் கையால் மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. சுவரை 5 நாள் என்று மாற்றிப் பார்த்தபோது பட்டை 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எங்கள் மேசன் ஞாயிறு வரமாட்டார். ஆகவே D-இல் வேலை நாளை எழுதி, மற்றவற்றைக் கணக்கிட விட்டேன். 11 என்பது ஞாயிறு மட்டும் லீவு என்று பொருள்.

```
B3: =WORKDAY.INTL(B2+C2-1,1,11)
C3: =WORKDAY.INTL(B3-1,D3,11)-B3+1
```

B-யிலும் C-யிலும் இவற்றைக் கீழே இழுத்தேன், முதல் வரிசைக்கும் C வாய்ப்பாடு உண்டு. தண்ணீர் ஊற்றும் வரிசையில் மட்டும் C-இல் நேராக 7. கொங்கிறீற்றுக்கு ஞாயிறும் தாகம் உண்டு, அதை நான் ஊற்றிக்கொள்ளலாம். இப்போது சுவர் 5 நாள் என்றால் பட்டை 8ஆம் தேதி திங்கள் வரை நீள்கிறது, ஓடு 24க்குப் பதில் 25இல் முடிகிறது. ஒரு நாள் பிந்தல் கடைசியிலும் ஒரு நாள்தான். ஆனால் இந்த வாய்ப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைக்கு மட்டுமே. இரண்டு பேர் ஒரே நேரம் வேலை செய்தால், எந்த வேலைக்காக எது காத்திருக்கிறது என்பதை அந்த வரிசையின் B-இல் நாமே எழுதவேண்டும்.

அச்செடுத்து மேசனிடம் காட்டினேன். விரலால் ஒவ்வொரு பட்டையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, எல்லாம் சரி, சுவருக்குச் சாந்து பூசுறது எங்க?”

ஏழாவது வரிசை இன்றிரவு.