“வேண்டாம்” எந்தத் திரையில் வர வேண்டும்?

யாங்கோன் பஸ்ஸில் ஒலியோடு வீடியோ பார்க்கிறவர் அபூர்வம். அதனால் கோயில் திருவிழா அறிவிப்பாக அத்தை பேசிய 40 விநாடி வீடியோவுக்கு வசன வரி சேர்த்தேன். செயலி தானாக எழுதிக் கொடுத்தது இப்படி:

“கிழக்கு வாசல் வலியா வண்டி கொண்டுவர”

அடுத்த திரையில்: “வேண்டாம் மேற்கு வாசலுக்கு வாங்க”

‘வழியா’ என்பது ‘வலியா’ ஆனது கண்ணில் பட்டுவிடும், ஓர் எழுத்துதான், திருத்தினேன். பெரிய வம்பு அடுத்தது. தமிழில் மறுப்பு கடைசியில்தானே வரும்? முதல் திரையை மட்டும் பார்த்தவர் கிழக்கு வாசலுக்கே வண்டியை ஓட்டிவிடுவார். இரண்டாவதை மட்டும் பார்த்தவருக்கு மேற்கு வாசல் வேண்டுமா வேண்டாமா என்றே புரியாது. ஒலியோடு கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை, அத்தை ‘வேண்டாம்’ சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறார்.

செயலியிலிருந்து வசன வரியின் SRT கோப்பை இறக்கி, அந்த மூச்சு விடும் இடத்தில் வெட்டினேன்:

```
4
00:00:12,400 --> 00:00:15,600
கிழக்கு வாசல் வழியா
வண்டி கொண்டுவர வேண்டாம்

5
00:00:15,700 --> 00:00:17,900
மேற்கு வாசலுக்கு வாங்க
```

நேரத்தில் புள்ளி போடாதீர்கள், காற்புள்ளிதான். புள்ளி வைத்தால் சில செயலிகள் கோப்பையே ஏற்காது.

அப்புறம் ஒலியை அணைத்து மாமாவிடம் போனைக் கொடுத்தேன். “எந்த வாசல் மாமா?” என்றேன். “மேற்கு. ஆனா ஏன்டா இவ்வளவு பொடி எழுத்து?” என்றார். சரி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன்.